வேர்க்கடலை, வாழைப்பழம், பால், வெல்லம்: எடை கூட்டும் பானத்தை அளந்து செய்வதும், மாஸ் கெய்னர் டப்பாவோடு ஒப்பிடுவதும்

ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் எனக்கு ஒல்லியாக வரும் பையன்களிடம் இருந்து தவறாமல் வரும் கேள்வி இது: "அண்ணா, மாஸ் கெய்னர் வாங்கலாமா, இல்ல வீட்டிலேயே கடலை, பழம் அடிச்சுக் குடிக்கலாமா?" மாஸ் கெய்னர் என்பது எடை ஏற்றுவதற்கென்றே டப்பாவில் விற்கும் தூள். இரண்டிலும் எடை ஏறும், இரண்டிலும் ஏறாமலும் போகும். வீட்டுப் பானம் தோற்கிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். அளக்காமல் செய்கிறார்கள், குடித்துவிட்டு அடுத்த வேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள். டப்பா வாங்குகிறவர்களோ முன்பக்கத்து எழுத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள், பின்பக்கத்தைத் திருப்புவதில்லை.

கணக்கு காட்ட ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். வயது 22, உயரம் 174 செ.மீ., எடை 52 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இவருக்கு 17.2 வருகிறது. ஆரோக்கியமான எடையின் கீழ் எல்லையான 18.5-ஐத் தொட 56 கிலோ வேண்டும். அதாவது 4 கிலோ ஏற்ற வேண்டும். கீழே உள்ள எல்லா அளவும் இவருக்காகப் போட்டது.

1. எடை ஏன் குறைவாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

சின்ன வயதிலிருந்தே ஒல்லி, உடம்பில் வேறு தொந்தரவு இல்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். நன்றாக இருந்த எடை சில மாதங்களில் தானாகக் குறைந்திருந்தால் எதையும் அடித்துக் குடிக்க வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, சர்க்கரை நோய், காசநோய் மூன்றுமே எடையைக் குறைக்கும். கூடவே தாகம், அடிக்கடி சிறுநீர், விடாத இருமல், சாயங்காலக் காய்ச்சல், படபடப்பு இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. இந்தப் பரிசோதனைகளை அரசு மருத்துவமனையிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தப் பானம் கிடையாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சிறுநீரகக் கல் வந்து போனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் எடுக்கக் கூடாது. மாஸ் கெய்னருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சர்க்கரை நோயாளிக்கு அது இன்னும் மோசம். காரணம் மூன்றாவது படியில் வருகிறது.

2. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

எல்லோரும் தாவிவிடும் படி இது. இதைத் தாவினால் பின்னால் எடை ஏறாதபோது காரணம் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

வழக்கம்போல் சாப்பிடுங்கள். என்ன, எத்தனை என்று போனில் குறித்து வையுங்கள்: காலை 4 இட்லி, 11 மணிக்கு டீ, மதியம் ஒரு தட்டு சோறு, சாயங்காலம் பன், இரவு 4 தோசை. கலோரி போட வேண்டியதில்லை, எண்ணிக்கை போதும்.

எடையைத் தினமும் காலையில் பாருங்கள். மலம், சிறுநீர் கழித்த பிறகு, தண்ணீர்கூடக் குடிக்கும் முன்பு, ஒரே மெஷினில். ஏழு நாள் எடையையும் கூட்டி ஏழால் வகுத்து வரும் சராசரிதான் உங்கள் எடை. ஒரே நாளில் ஒருவருக்கு ஒரு கிலோ வரைகூட ஏறி இறங்கும். முதல் நாள் ராத்திரி பிரியாணி சாப்பிட்டிருந்தால் மறுநாள் காலை உப்பும் தண்ணீருமாக மெஷினில் கூடத்தான் காட்டும். ஒரு நாள் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவதும் கவலைப்படுவதும் வீண்.

நம் ஆளின் முதல் வாரச் சராசரி 52.1 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

3. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

வீட்டில் செய்வதாக முடிவெடுத்தவர்களும் இதைப் படியுங்கள். எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிந்தால்தான் வீட்டுப் பானத்தில் என்ன இருக்க வேண்டும் என்று புரியும்.

முதலில் பொருள்களின் பட்டியல். அதிக எடையில் இருக்கும் பொருளைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலான மாஸ் கெய்னர்களில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். இது சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்தை உடைத்துச் செய்கிற தூள். இனிப்பு அதிகம் தெரியாது, தண்ணீரில் சுலபமாகக் கரையும், ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும், ஒரு கிராமுக்கு 4 கலோரி. சீனிக்கும் அதே 4 கலோரிதான். அதற்குப் பிறகுதான் பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரதமோ சோயாவோ பால் பவுடரோ வரும்.

அடுத்தது 100 கிராமுக்கான அளவு. ஒரு சாதாரண மாஸ் கெய்னரில் 100 கிராமுக்கு சுமார் 380 கலோரி, 15 கிராம் புரதம், 75 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, மிகக் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். "ஒரு வேளைக்கு" என்று போட்டிருப்பதை நம்பி இரண்டு டப்பாக்களை ஒப்பிடாதீர்கள். ஒரு கம்பெனியின் ஒரு வேளை 75 கிராம், இன்னொன்றில் 300 கிராமுக்கு மேல். "1,250 கலோரி" என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்ட டப்பாவில் ஒரு வேளைக்கே முந்நூறு கிராமுக்கு மேல் தூளைக் கொட்டச் சொல்லியிருப்பார்கள். சில லேபிள்களில் பாலில் கலந்தால் வரும் கணக்கைக் காட்டியிருப்பார்கள். அந்தப் பால் உங்கள் வீட்டுப் பால், டப்பாவில் இல்லாதது.

மூன்றாவது, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுக்கும் உரிமம். 14 இலக்க எண் இருக்க வேண்டும். லேபிளே இல்லாமல் பாலித்தீன் கவரிலோ வெறும் டப்பாவிலோ "ஒரே மாதத்தில் பத்துக் கிலோ" என்று யாராவது கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். அந்த மாதிரிப் பொடியிலும் மாத்திரையிலும் ஸ்டீராய்டையோ, பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டாடின் போன்ற மருந்தையோ கலக்கிறார்கள். சில நாளிலேயே அசுரப் பசி, தூக்கம் தூக்கமாக வருவது, முகம் மட்டும் உப்பிப் போவது இதன் அடையாளங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் பொடியைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். நாள்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம்.

4. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கிச்சன் தராசு ஒன்று வாங்குங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சாதாரண எலக்ட்ரானிக் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். "ஒரு கைப்பிடி கடலை" என்பது ஒருவர் கையில் 25 கிராம், இன்னொருவர் கையில் 45. இந்த வித்தியாசமே நூறு கலோரிக்கு மேல்.

வேர்க்கடலை: தோலோடு உள்ள பச்சை வேர்க்கடலைப் பருப்பு, புதிதாக வந்தது. கடையிலேயே ஒன்றிரண்டை மென்று பாருங்கள். கசப்போ சிக்கு வாடையோ இருந்தால் வேண்டாம். உடைத்து வறுத்துப் பாக்கெட்டில் வரும் கடலை சுலபம்தான், ஆனால் அதில் சொத்தையைப் பொறுக்க முடியாது. உப்புக் கடலை வேண்டாம்.

பால்: கலோரி இங்கேதான் சத்தமில்லாமல் கூடும். ஆவினின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம். ஒரு டம்ளர் 250 மி.லி. என்றால் முதலாவது சுமார் 215 கலோரி, இரண்டாவது 150-க்குக் கொஞ்சம் குறைவு. புரதம் இரண்டிலும் கிட்டத்தட்ட 8 கிராம்தான். எடை ஏற்ற வேண்டியவர் ஆரஞ்சு வாங்கலாம். வீட்டில் யாருக்காவது கொலஸ்ட்ரால் என்று நீலம்தான் வாங்குவார்கள் என்றால் அதுவே போதும், கடலையில் 10 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாழைப்பழம்: பச்சைப்பழம் என்றோ ரோபஸ்டா என்றோ விற்கும் நீளப் பழம் இதற்கு நன்றாகப் பொருந்தும். தோல் நீக்கி 100 முதல் 120 கிராம் நிற்கும், பாலில் புளிப்பு ஏறாது. பூவனில் மெல்லிய புளிப்பு உண்டு, உடனே குடித்தால் தெரியாது, வைத்துக் குடித்தால் தெரியும். சிறியது என்பதால் இரண்டு போட வேண்டும். ரஸ்தாளி ருசிதான், ஆனால் சில பழங்களில் நடுவில் கட்டி இருந்து அடிபடாமல் நிற்கும். எந்தப் பழமானாலும் தோலில் கரும்புள்ளி விழுந்த பிறகு போடுங்கள். காய்வாட்டாக இருந்தால் அதன் மாவுச்சத்து சரியாகச் செரிக்காமல் வயிறு உப்பும், துவர்ப்பும் தெரியும்.

வெல்லம்: பளீரென்று மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டு அடர்ந்த பழுப்பு நிறத்தில் வாங்குங்கள். அந்தப் பளிச்சென்ற நிறம் பெரும்பாலும் வெளுக்கப் போடும் ரசாயனத்தால் வருவது. இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன்: வெல்லம் கலோரிக் கணக்கில் சர்க்கரைதான். 15 கிராம் வெல்லத்தில் கிடைக்கும் இரும்புச்சத்து ரொம்பக் கொஞ்சம். ருசிக்காகவும் 55 கலோரிக்காகவும் அதைச் சேர்க்கிறோம். சத்து என்று நினைத்து அள்ளிப் போடக் கூடாது.

5. கடலையை வறுத்துப் பொடிப்பது

ஒரு வாரத்துக்கு மேல் வருகிற அளவாக அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த வேலையிலும் பொறுமை வேண்டியது இந்தப் படிக்குத்தான்.

முதலில் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படிந்தது, பூச்சி அரித்தது எல்லாம் குப்பைக்கு. கடலையில் வளரும் ஒரு பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது ஈரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. எப்போதோ ஒரு நாள் கடலை மிட்டாய் சாப்பிடுகிறவருக்கும் மாதக்கணக்கில் தினமும் 40 கிராம் சாப்பிடப் போகிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் சொத்தை விஷயத்தில் இத்தனை கறாராகச் சொல்கிறேன்.

இரும்புச் சட்டி அல்லது அடி கனமான வாணலியைச் சிறு தீயில் வையுங்கள். கடலையைப் போட்டுக் கை விடாமல் கிளறுங்கள். அரைக் கிலோவுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். முதலில் ஈர வாசனை வரும், பிறகு படபடவென்று தோல் வெடிக்கும் சத்தம், அப்புறம் வறுத்த வாசனை. ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கினால் தோல் கழன்று வர வேண்டும், உள்ளே இளமஞ்சளாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் அடுப்பை அணைத்து உடனே அகலமான தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் சூட்டில் தொடர்ந்து கருகிக் கசக்கும். சூடாக இருக்கும்போது மென்று பார்த்து "மொறுமொறுப்பு வரவில்லை" என்று மறுபடி வறுப்பதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் கடலையைக் கருக்குவதற்குக் காரணம். மொறுமொறுப்பு ஆறிய பிறகுதான் வரும்.

பெருந்தீயில் ஐந்து நிமிடத்தில் முடித்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். பச்சைக் கடலையில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, சீரான சூடு பட்டால்தான் அது அடங்கும்.

நன்றாக ஆறியதும் துணியில் தேய்த்துத் தோலை நீக்கி, முறத்தில் புடைத்துவிடுங்கள். இப்போது இன்னொரு முறை பாருங்கள். தோலுக்குள் மறைந்திருந்த சொத்தை இரண்டாகப் பிளந்ததும் நடுவில் கறுப்பாகவோ பச்சை படிந்தோ தெரியும்.

பொடிப்பதில் நடக்கும் தவறு, மிக்ஸியை ஒரேயடியாக ஓட விடுவது. கடலையில் பாதி எடை கிட்டத்தட்ட எண்ணெய்தான். தொடர்ந்து ஓடினால் சூடாகி எண்ணெய் கக்கி, ஜாரின் அடியில் களியாக ஒட்டிக்கொள்ளும். சின்ன ஜாரில் பாதி அளவு மட்டும் போட்டு, இரண்டு மூன்று நொடி சுற்றி நிறுத்தி, குலுக்கி, மறுபடி சுற்றுங்கள். ரவை பதம் போதும், பாலோடு அடிக்கும்போது மீதி மசிந்துவிடும். களியாகிப் போனாலும் வீணில்லை. அதையும் எடை போட்டுப் பயன்படுத்தலாம், அளப்பதுதான் சிரமம்.

காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் தீர்க்கிற அளவுக்கு மட்டும் பொடியுங்கள். முழுக்கடலையைவிடப் பொடி சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். வெல்லத்தையும் இதோடு சேர்த்துப் பொடித்து ஒரே டப்பாவில் வைக்கிறவர்கள் உண்டு. வெல்லம் ஈரத்தை இழுத்து எல்லாம் கட்டி தட்டிவிடும், கடலையும் கெடும். தனித்தனியாகவே இருக்கட்டும்.

6. வெல்லப்பாகு

கால் கிலோ வெல்லத்தைத் தட்டி 100 மி.லி. தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். கரைந்ததும் வடிகட்டுங்கள், அடியில் மண்ணும் சக்கையும் தங்குவதைப் பார்ப்பீர்கள். வடித்ததை ஒரு கொதி விட்டு ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். இந்த அளவில் செய்தால் 15 மி.லி. மேசைக்கரண்டி ஒன்றில் ஏறக்குறைய 15 கிராம் வெல்லம் இருக்கும், தினம் தராசு எடுக்க வேண்டியதில்லை.

இத்தனை பாடு எதற்கு என்றால், வெல்லத்தைச் சூடான பாலில் நேராகப் போட்டால் பால் திரிந்துவிடும். வெல்லத்தில் இருக்கும் புளிப்புத்தன்மையும் உப்புகளும் சூடும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஆறிய பாகு ஆறிய பாலில் சேரும்போது திரியாது.

7. ஒரு டம்ளர் செய்யும் வரிசை

அளவு: பால் 250 மி.லி., வறுத்த கடலைப் பொடி 40 கிராம், ஒரு ரோபஸ்டா பழம், வெல்லப்பாகு ஒரு மேசைக்கரண்டி. கடலைப் பொடியை முதல் தடவை தராசில் நிறுத்து, உங்கள் வீட்டுக் கரண்டியால் அது எத்தனை கரண்டி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் முதல் கரண்டியே போதும்.

பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கீழே ஆறவிடுங்கள். ஜாரில் முதலில் கடலைப் பொடியும் அது மூழ்கும் அளவு பாலும் மட்டும் ஊற்றி அரை நிமிடம் அடியுங்கள். எல்லாப் பாலையும் முதலிலேயே ஊற்றினால் பொடி மிதந்துகொண்டு அரைபடாது, தொண்டையில் குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்பால்தான் பலரும் நாலாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள்.

அது மையானதும் பழத்தைத் துண்டு போட்டு ஒரு சுற்று. பிறகு மீதிப் பால், கடைசியில் பாகு, இன்னும் ஒரு சின்னச் சுற்று. பழத்தைத் தொடக்கத்திலிருந்தே ஓட விட்டால் நுரை பொங்கும், அந்தக் காற்றும் வயிற்றுக்குள் போய் உப்பும். ஏலக்காய் ஒன்று தட்டிப் போடலாம், வாசனைக்குத்தான்.

அடித்த அரை மணிக்குள் குடித்துவிடுங்கள். வைத்தால் பழம் கறுத்து, பானம் கெட்டியாகி, அடியில் கடலை தங்கும். தங்கியதை அப்படியே கழுவி ஊற்றினால் நீங்கள் ஊற்றுவது கடலையைத்தான்.

8. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

பால் 215, கடலை 220, பழம் 100, வெல்லம் 55. மொத்தம் சுமார் 590 கலோரி. புரதம் பாலில் 8, கடலையில் 10, பழத்தில் 1, ஆக 19 கிராம். கொழுப்பு 33 கிராம் அளவுக்கு வரும், அதில் பாதிக்கு மேல் கடலை எண்ணெய்.

அதே 250 மி.லி. பாலில் 100 கிராம் மாஸ் கெய்னரைக் கலந்தால் 595 கலோரி, புரதம் 23 கிராம். கலோரி சமம், புரதம் டப்பாவில் கொஞ்சம் கூட. இதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டுப் பானத்தில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 10 கிராம் சேர்த்தால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். கடலைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பாலில் அது தாராளம். இரண்டையும் சேர்த்துக் குடிப்பதால் தரத்திலும் பெரிய குறை வராது.

செலவைப் பாருங்கள். எங்கள் பக்கத்து விலையில் பால் 15 ரூபாய், கடலை 6 அல்லது 7, பழம் 6 அல்லது 7, வெல்லம் ஒரு ரூபாய். முப்பது ரூபாய்க்குள் முடிகிறது. கிலோ 700 ரூபாய் டப்பா என்றால் தூள் மட்டும் 70, பாலோடு 85.

ஆனால் பெரிய வித்தியாசம் காசில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. கடலையில் கொழுப்பும் நாரும் இருப்பதால் வீட்டுப் பானம் வயிற்றில் நின்று செரிக்கும், பசியை அடக்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் சீக்கிரம் இறங்கிவிடும், அடுத்த வேளைப் பசி அவ்வளவாகக் கெடாது. எடை ஏற்ற நினைப்பவருக்கு இது டப்பாவின் உண்மையான பலம். வீட்டுப் பானம் குடிக்கிறவர் இந்தக் குறையை நேரத்தால் சரிக்கட்ட வேண்டும். அதுதான் அடுத்த படி.

9. எப்போது, எந்த அளவில் தொடங்குவது

முதல் மூன்று நாள் பாதி அளவு. 20 கிராம் கடலை, அரை டம்ளர் பால், அரைப் பழம். வழக்கமில்லாத வயிற்றில் முழு டம்ளரை இறக்கினால் உப்பசமும் பேதியும் வரலாம், அப்போது எதனால் வந்தது என்றும் தெரியாது. பாதி அளவிலேயே வயிறு கடமுடா என்றால் பாலை நிறுத்தி, அதே அளவு புளிக்காத தயிரில் செய்து பாருங்கள். தயிரில் நின்றுவிட்டது என்றால் பால் சர்க்கரை உங்களுக்குச் செரிக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு வே புரதமும் பால் பவுடரும் சேர்ந்த பெரும்பாலான மாஸ் கெய்னரும் ஒத்துக்கொள்ளாது என்பதையும் வாங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

நேரம் இரண்டே இரண்டு. ஒன்று, இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, படுக்கும் முன்பு. அதற்குப் பிறகு சாப்பிட வேண்டிய வேளை எதுவும் இல்லை, அதனால் எதையும் கெடுக்காது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மட்டும் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். மற்றது, சாயங்காலம் 4 மணி, இரவுச் சாப்பாட்டுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விட்டு. காலை எழுந்தவுடன் குடிக்கச் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் இட்லி நான்கு இரண்டாகும். அப்புறம் பானம் கூடுதலாக இருக்காது, இட்லிக்குப் பதிலாக ஆகிவிடும்.

10. வாராவாரம் பார்த்து மாற்றுவது

உடம்பில் ஒரு கிலோ ஏற சுமார் 7,700 கலோரி உபரி வேண்டும் என்பது பொதுக்கணக்கு. நாளைக்கு 400 கலோரி உபரி நின்றால் வாரத்துக்கு 2,800, அதாவது 350 கிராம் போல. நம் ஆளின் 4 கிலோவுக்கு மூன்று மாதம் ஆகும். வாரம் கால் கிலோவிலிருந்து 400 கிராம் வரை சரியான வேகம். அதற்கு மேல் போனால் தொப்பைதான் முதலில் தெரியும்.

அவருடைய சராசரி இப்படிப் போகிறது என்று வைப்போம்: பானம் தொடங்கும் முன் 52.1, முதல் வாரம் 52.6, அடுத்து 52.7, அடுத்தும் 52.7. முதல் வாரத்தில் ஏறிய அரைக் கிலோவில் பெரும்பங்கு குடலில் நிற்கும் உணவும் தண்ணீரும்தான், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிறகு நின்றுவிட்டது. தினம் 590 கலோரி போகிறது, ஏன் ஏறவில்லை?

இங்கேதான் இரண்டாம் படியில் எழுதிய குறிப்பை எடுக்க வேண்டும். அன்றைக்கு இரவு 4 தோசை, இப்போது 2. சாயங்காலம் டீயோடு பன் இருந்தது, இப்போது வெறும் டீ. குறைந்த இரண்டு தோசையும் சட்னியும் 280 கலோரி, பன் 150-க்கு மேல். 590-இல் 430 போய்விட்டது, நின்றது 160. மெஷின் காட்டுவது அதைத்தான். இவர் கடலையைக் கூட்டக் கூடாது, கூட்டினால் பசி இன்னும் மந்தமாகும். 4 மணிக்குக் குடித்துக்கொண்டிருந்த பானத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றி, தோசையைப் பழையபடி நான்காக்கி, பன்னையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

சாப்பாடு குறையவே இல்லை, இரண்டு வாரமாக எடையும் அசையவில்லை என்றால் மட்டும் பானத்தைக் கூட்டுங்கள். ஒரே டம்ளரைப் பெரிதாக்க வேண்டாம், இரண்டாவதாக அரை டம்ளரை வேறு நேரத்தில் சேருங்கள். வாரம் அரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து ஏறினால் முதலில் வெல்லத்தை நிறுத்துங்கள், அதற்கும் அடங்காவிட்டால் கடலையை 25 கிராமாக்குங்கள்.

ஏறுகிற எடை தசையாக வேண்டும் என்றால் வாரத்தில் மூன்று நாளாவது கனம் தூக்கும் பயிற்சி வேண்டும். பயிற்சி செய்கிறவருக்குப் புரதம் கிலோ எடைக்கு 1.6 கிராம் வரை பயன்படும். 52 கிலோவுக்கு 83 கிராம். பானத்தில் கிடைப்பது 19 மட்டும். மீதி 64 கிராம் முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் என்று தட்டிலிருந்து வர வேண்டும். டப்பா வாங்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

11. டப்பா எப்போது சரியான தேர்வு

விடுதியில் தங்கி, மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் இல்லாதவருக்கு. ஷிப்ட் வேலையில் பால் காய்ச்ச நேரமே கிடைக்காதவருக்கு. கடலையின் கொழுப்பு செரிக்காமல் எப்போதும் ஏப்பம் விடுகிறவருக்கு. கடின உடல் உழைப்பால் நாளுக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் கூடுதலாகத் தேவைப்பட்டு, மென்று சாப்பிட முடியாதவருக்கு டப்பா உதவும். வாங்குவதென்றால் 100 கிராமுக்குப் புரதம் 15-க்குக் குறையாமல், சேர்த்த சர்க்கரை குறைவாக உள்ளதைப் பாருங்கள். முதல் தடவை ஒரு கிலோ டப்பாவுக்கு மேல் வாங்காதீர்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று கிலோவும் வீண்.

லேபிளில் முந்நூறு கிராம் என்றிருந்தாலும் முதல் வாரம் 50 கிராம் போதும். அத்தனை மால்டோடெக்ஸ்ட்ரினை ஒரே மூச்சில் குடித்தால் பேதியாகும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கண்ணைச் சுழற்றித் தூக்கம் வரும். பிறகு 100 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். பத்தாம் படியில் சொன்ன எடைச் சராசரியும் சாப்பாட்டுக் குறிப்பும் டப்பாவுக்கும் அப்படியே பொருந்தும்.

விடுதியில் இருந்துகொண்டு டப்பாவுக்குக் காசு இல்லாதவர்களுக்கு ஒரு வழி. வீட்டுக்குப் போகும்போது கடலையை வறுத்து, பொடிக்காமல் முழுசாகவே பாட்டிலில் எடுத்து வாருங்கள். முழுக்கடலை வெளியிலேயே மூன்று வாரம் தாங்கும். மெஸ்ஸில் இரவு சாப்பிட்டு முடித்த பிறகு 40 கிராம் கடலை, ஒரு துண்டு வெல்லம், ஒரு ரோபஸ்டா அல்லது இரண்டு சின்னப் பழம் மென்று, கடையில் ஒரு டம்ளர் பால் வாங்கிக் குடியுங்கள். மிக்ஸியில் அடித்தால் சீக்கிரம் உள்ளே இறங்கும் என்பதைத் தவிர இரண்டுக்கும் கணக்கில் வித்தியாசம் கிடையாது.